555 புத்தகத்தில் 75 வரிகள்

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு, அட்டையில் பெரிதாக 555 என்ற எண். மளிகைக் கடையில் கடன் எழுத, கூட்டுக்காசு கணக்கு எழுத, எங்கள் வீட்டில் என் அப்பா லோரி டிரிப் எழுத என்று எல்லாவற்றுக்கும் அதுதான். அப்பா இறந்தபிறகு அலமாரியில் எழுதாத புத்தகங்கள் மூன்று கிடந்தன. 2023 மார்ச் மாதம் அதில் ஒன்றை எடுத்து முதல் பக்கத்தில் '1' என்று எண்ணிட்டு, நான் விண்ணப்பம் அனுப்பிய ஒரு நிறுவனத்தின் பெயரையும் தேதியையும் எழுதினேன். அக்டோபரில் எனக்கு வேலை கிடைத்தபோது அந்த எண் 75 ஆகியிருந்தது.

கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் ஆறு வருடம் ஆவணப் பிரிவில் இருந்தேன். கப்பலில் வரும் சரக்குக்கு கே1, போகும் சரக்குக்கு கே2 என்று சுங்கத்துறைக்குப் பத்திரம் தயாரிப்பது, கப்பல் ரசீதைச் சரிபார்ப்பது, டெலிவரி ஆர்டர் வாங்குவது, கன்டெய்னர் இலவச நாள்களைத் தாண்டி நின்று அபராதம் ஏறாமல் பார்த்துக்கொள்வது. இதுதான் என் வேலை. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வேறு இடத்துக்குப் போனதும் எங்கள் பிரிவில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். பிப்ரவரி கடைசி நாள் மேசையைக் காலிசெய்தேன்.

சொக்சோவின் வேலைக் காப்புறுதியைப் பற்றி எனக்குச் சொன்னது உடன் நிறுத்தப்பட்ட ஒருவர். வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்யவேண்டும். தேடும் காலத்துக்கான உதவித்தொகை எனக்கு ஆறு மாதத்துக்குக் கிடைத்தது. முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றிலும் நான்கிலும் 40, ஐந்திலும் ஆறிலும் 30. என் சம்பளம் 3,200 வெள்ளி. மார்ச்சில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் வந்தது, ஆகஸ்டில் ஆயிரத்தைத் தொடவில்லை. அந்தப் படிக்கட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் நான் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அனுப்பினேன் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவேண்டும். நிதானமாக யோசிக்கத் தெரிந்தவள் அல்ல நான். பயத்தில் யோசித்தேன்.

முதல் இரண்டு மாதத்தில் 34 இடங்களுக்கு அனுப்பினேன். இரண்டு இடத்திலிருந்துதான் கூப்பிட்டார்கள்.

இரண்டில் முதலாவது கே.எல். சென்ட்ரல் பக்கத்தில் ஓர் உயரமான கட்டடத்தில். என்னை நேர்காணல் செய்த பெண்மணி அழகான ஆங்கிலம் பேசினார். நான் இரண்டு இடத்தில் தடுமாறினேன். ஒரு வாரம் கழித்து வருந்துகிறோம் என்று மின்னஞ்சல் வந்தது. என் ஆங்கிலம்தான் காரணம் என்று அன்றே முடிவுசெய்தேன். கையில் இருந்த காசில் 600 வெள்ளி கட்டி மாலை வகுப்பில் சேர்ந்தேன். மூன்று மாதம் கழித்து அதே அலுவலகத்தில் வேலைசெய்யும் ஒருவரை வேறொரு இடத்தில் பார்த்தேன். அந்த இடத்துக்கு ஏற்கனவே உள்ளே இருந்த ஒருவரைப் போடுவதாக முடிவாகியிருந்ததாம். விதிமுறைக்காக வெளியிலிருந்து மூன்று பேரைக் கூப்பிட்டார்களாம். நான் எப்படிப் பேசியிருந்தாலும் அதே மின்னஞ்சல்தான் வந்திருக்கும்.

வகுப்பு வீணாகவில்லை. ஆனால் நடக்காத ஒரு தவறைத் திருத்த என் இரண்டாம் மாதத்தைச் செலவழித்தேன். 'ஒவ்வொரு தோல்வியிலிருந்தும் கற்றுக்கொள்' என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஒரே ஒரு மறுப்பிலிருந்து கற்றுக்கொள்ளப் போனால் பெரும்பாலும் தப்பான பாடத்தைத்தான் கற்கிறோம். அவர்கள் காரணம் சொல்வதில்லை, நம் மனம் ஏற்கனவே எதைப் பற்றி வெட்கப்படுகிறதோ அதைக் கொண்டுவந்து காரணமாக வைத்துவிடுகிறது.

ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒரு மறுப்புக்கு நான் எதையும் மாற்றமாட்டேன். ஒரே மாதிரி மூன்று வந்தால்தான் மாற்றுவேன். அதற்கு எது எங்கே நின்றது என்று தெரியவேண்டும். 555 புத்தகத்தில் ஒவ்வொரு வரியிலும் நான்கு கோடு கிழித்தேன். அனுப்பியது, கூப்பிட்டது, முதல் சுற்று, இரண்டாம் சுற்று. கன்டெய்னர் எங்கே மாட்டிக்கொண்டது என்று தெரியாமல் யாருக்கும் போன் போட முடியாது. கப்பலிலா, துறைமுகத்திலா, சுங்கத்திலா? ஆறு வருடம் செய்த வேலைதான் அது. எனக்கே அதைச் செய்துகொள்ளத் தோன்ற இரண்டு மாதம் ஆனது.

மே மாதத்தில் ஒரு நாள் பழைய 34 விளம்பரங்களையும் மறுபடி தேடி எடுத்துப் படித்தேன். பன்னிரண்டு விளம்பரத்தில் மாண்டரின் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும் என்று போட்டிருந்தது. ஒன்பது, விற்பனை அல்லது கப்பல் இயக்கம் என்று நான் செய்தே பார்க்காத வேலை. பயத்தில் அனுப்பியவை. மிச்சம் 13. எனக்கு வந்த இரண்டு அழைப்பும் அந்தப் பதின்மூன்றிலிருந்துதான். முப்பத்து நான்கில் இரண்டு என்பதும் பதின்மூன்றில் இரண்டு என்பதும் ஒன்றல்ல. முதலாவது என்னை யாருக்கும் வேண்டாம் என்கிறது. இரண்டாவது, என் ரெஸ்யூமில் ஏதோ சரியில்லை, பார் என்கிறது.

மாண்டரின் விஷயத்தை மழுப்பாமல் பேசவேண்டும். லீ ஹ்வோக் ஆன், முகமது அப்துல் காலிட் என்ற இரு ஆய்வாளர்கள் 2016ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தகுதி ஒத்த கற்பனை ரெஸ்யூம்களை மலாய்ப் பெயரிலும் சீனப் பெயரிலும் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். சீனப் பெயர்களுக்குப் பல மடங்கு அதிக அழைப்பு வந்தது. சீன மொழி தெரிந்திருப்பதும் சாதகமாக இருந்தது. அந்த ஆய்வில் இந்தியப் பெயர்கள் சேர்க்கப்படவில்லை. நாம் எண்ணிக்கையிலேயே இல்லை என்று அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. ஆனால் எனக்கு ஒரு தெளிவும் வந்தது. என் மறுப்புகளில் ஒரு பகுதி நான் திருத்தக்கூடியது அல்ல. அதை என் குறையாக எடுத்துக்கொண்டால் நொறுங்கிவிடுவேன். எல்லாமே அதனால்தான் என்று எடுத்துக்கொண்டால் திருத்தக்கூடியதையும் திருத்தாமல் விடுவேன். 'கட்டாயம்' என்று போட்டவற்றுக்கு அனுப்புவதை நிறுத்தினேன். 'தெரிந்திருந்தால் நல்லது' என்று போட்டவற்றுக்கு அனுப்பினேன்.

ரெஸ்யூமில் என்ன சரியில்லை என்று சொன்னது ஓர் அக்கா. ஒரு கப்பல் கம்பெனியின் கவுண்டரில் இருப்பவர். டெலிவரி ஆர்டர் வாங்கப் போகும்போதெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் அவரைப் பார்ப்பேன். ஆறு வருடத்தில் வேலையைத் தவிர வேறொன்றும் பேசியதில்லை. கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் பூக்கடை முன்னால் எதிர்ப்பட்டார்.

"என்னா மா, ஆளையே காணோம்? கல்யாணம் ஆயிருச்சோனு நெனச்சேன்."

"வேலை போச்சுக்கா."

அங்கேயே நின்றபடி என் போனில் ரெஸ்யூமைப் படித்தார். பூ வாங்க வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"ஆவணங்களுக்குப் பொறுப்புனு போட்டிருக்க. எத்தனை ஆவணம்? மாசத்துக்கு எத்தனை பெட்டி பாத்த? டாகாங் நெட்ல நீயே ஏத்துவியா, இல்ல வேற ஆளா? என்னா சரக்கு? இதெல்லாம் எங்க?"

"அது எல்லாருக்கும் தெரியும்தானேக்கா."

"யாருக்கு? மனிதவளத்துல உக்காந்திருக்கிற பிள்ளைக்கு கே1னா என்னானே தெரியாது. அது விளம்பரத்துல இருக்கிற வார்த்தை இதுல இருக்கானு பாக்கும். இல்லன்னா அடுத்தது."

அன்று இரவு உட்கார்ந்து எழுதினேன். மாதம் சராசரி 120 பத்திரங்கள், கே1, கே2 இரண்டும், நானே கணினியில் ஏற்றியவை. பெரும்பாலும் உணவுப்பொருள், இயந்திர உதிரிபாகம். கடைசி இரண்டு வருடத்தில் என் கோப்புகளில் ஆவணத் தவறால் அபராதம் கட்டியது ஒரே ஒரு முறை. இதையெல்லாம் எழுதும்போது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை செய்தேனா? விளம்பரத்தில் அவர்கள் பயன்படுத்திய சொல்லையே, உண்மையாக இருக்குமிடத்தில், நானும் பயன்படுத்தினேன். ஒரு விண்ணப்பத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. வாரத்துக்கு ஐந்துக்கு மேல் அனுப்ப முடியவில்லை. சில வாரம் மூன்றுதான். மே, ஜூனில் 22 இடங்களுக்கு அனுப்பினேன். ஏழு இடத்தில் கூப்பிட்டார்கள்.

முதல் கோட்டைத் தாண்டிவிட்டேன். ஆனால் ஏழில் ஆறு முதல் சுற்றோடு நின்றுபோயின. அடைப்பு இடம் மாறியிருந்தது.

அந்த நாள்களில் கே.எல். பக்கம் நேர்காணல் என்றால் முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகமாட்டேன். பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்து போய் துன் சம்பந்தன் சாலையில் ஒரு மாமாக் கடையில் தே ஓ வாங்கிவைத்துக்கொண்டு உட்காருவேன். கொமுட்டரில் ஏறினால் கிள்ளான் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் மனம் நடந்ததைத் திருத்தி எழுதிவிடும். அதனால் முதலில் கேள்விகளை எழுதுவேன், கேட்ட வரிசையில். பிறகு நான் சொன்ன பதிலை, சொல்லியிருக்கவேண்டியதை அல்ல, சொன்னதை. அது கசப்பான வேலை. சில நாள் எழுதாமலேயே தே ஓ ஆறிப்போகும்.

ஆறையும் ஒரு நாள் வரிசையாகப் படித்தபோது மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வந்திருந்தன. ஏன் வேலையை விட்டீர்கள்? எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்? மூன்றாவது, வேலையைப் பற்றிய ஏதாவது ஒரு சிக்கல்.

முதல் கேள்விக்கு நான் ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடம் பேசியிருக்கிறேன். பழைய நிர்வாகம், யாரை நிறுத்தினார்கள், யாரை வைத்துக்கொண்டார்கள், எப்படிச் சொன்னார்கள். காயம் பேசியிருக்கிறது. இரண்டாவதற்கு, "3,200. ஆனா குறைச்சாலும் பரவாயில்ல." கேட்கும் முன்பே குறைத்துவிட்டேன்.

மூன்றாவதுதான் வேதனை, ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த விஷயம். ஒரு நேர்காணலில் கேட்டார்கள்: கன்டெய்னர் வந்துவிட்டது, கப்பல் ரசீதில் சரக்கு பெறுபவர் பெயர் தப்பாக இருக்கிறது, இலவச நாள் நாளையோடு முடிகிறது, என்ன செய்வீர்கள்? நான் சொன்ன பதில் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது: "மேலாளரிடம் சொல்வேன். அப்புறம் எங்கள் பழைய கம்பெனியில் ஒரு தடவை இப்படித்தான்..." கதை சொல்லப் போய்விட்டேன்.

ஆறு வருடம் நான் உண்மையில் என்ன செய்தேன்? கே1ஐத் தயாராக வைப்பேன், ஆனால் ஏற்றமாட்டேன். கப்பல் சரக்குப் பட்டியலில் உள்ள பெயரோடு பொருந்தாவிட்டால் மாட்டிக்கொள்ளும். கப்பல் கம்பெனிக்கு உடனே திருத்தக் கடிதம். கூடவே இலவச நாள் நீட்டிப்புக்கு எழுத்தில் வேண்டுகோள், ஏனென்றால் போனில் தந்த வாக்குறுதிக்குக் கணக்குப் பிரிவில் மதிப்பில்லை. பிறகு வாடிக்கையாளருக்கு, தாமதமானால் நாளுக்கு எவ்வளவு ஏறும் என்ற தொகையோடு தகவல். முதலில் எதை நிறுத்துவது, அடுத்து யாரிடம் கேட்பது, கடைசியில் யாருக்குப் பணத்தைச் சொல்வது. நான்கு வாக்கியம். இதைக் கைகள் அறிந்திருந்தன, வாய் அறிந்திருக்கவில்லை. வேலை செய்யத் தெரிவது வேறு, செய்வதைச் சொல்லத் தெரிவது வேறு என்று நான் புரிந்துகொண்டது அந்த மேசையில்தான்.

குளியலறையில் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். ஏன் விட்டீர்கள் என்பதற்கு ஒரே வாக்கியம்: பெரிய வாடிக்கையாளர் போனதால் பிரிவைக் குறைத்தார்கள், அதில் நானும் ஒருத்தி. சம்பளத்துக்குத் தொகையைச் சொல்லிவிட்டு வாயை மூடுவது. மூடுவதுதான் கடினம். அம்மா வெளியிலிருந்து, "யாருகிட்ட மா பேசற?" என்பார்.

அம்மாவிடம் நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நேர்காணல் முடிந்த மாலையும், "என்னா சொன்னாங்க?" என்பார். "கூப்பிடறேன்னு சொன்னாங்க மா." எழுபத்தைந்து வரியில் அம்மாவுக்குத் தெரிந்தது பத்துகூட இருக்காது.

ஜூலையில் இரண்டு வாரம் புத்தகத்தில் ஒன்றுமே இல்லை. பதினோரு மணிக்கு எழுந்தேன், போனைப் பார்த்தேன், மறுபடி படுத்தேன். நேரம் இருந்தும் ஒரு பக்கம் படிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் பெயர் மட்டும் கேள்விப்பட்டிருந்த ஓர் ஆய்வைப் பின்னர் படித்தபோது அந்த இரண்டு வாரம் அதில் இருந்தது. ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஊரின் நூற்பாலை மூடியபின் மரி யஹோதாவும் நண்பர்களும் அங்கே சென்று ஆராய்ந்து 1933ல் வெளியிட்டது. வேலையில்லாத ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். வீட்டு வேலை மிச்சமிருந்த பெண்கள் அப்படி நிற்கவில்லை. நேரம் கொட்டிக்கிடந்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. காலியான நேரம் ஓய்வாக மாறுவதில்லை என்று அவர்கள் கண்டார்கள். சம்பளத்தோடு வேலை இன்னொன்றையும் தருகிறது. நாளைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தருகிறது.

என்னை எழுப்பியது ஆய்வல்ல, கரண்ட் பில். ஆனால் எழுந்தபின் நாளுக்குக் கரை கட்டவேண்டியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் காலை அப்பாவின் மோட்டார்சைக்கிளில் ஷா ஆலாம் ராஜா துன் ஊடா நூலகம். குளிர்சாதனமும் மேசையும் இலவசம். விளம்பரம் தேடுவது, எழுதுவது எல்லாம் அங்கேதான், வீட்டில் இல்லை. ஒரு மணிக்கு முடிந்தது. வாரத்துக்கு ஐந்து அனுப்பியாகிவிட்டால் அந்த வாரம் ஜெயித்தது என்று கணக்கு, யார் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும். பதில் வருவது என் கையில் இல்லை, ஐந்து அனுப்புவது என் கையில் இருந்தது. மிச்ச நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். மாதம் 400 வெள்ளி வந்தது. ஆகஸ்டுக்குப் பிறகு அதுவும் அம்மாவின் தையலும்தான் வீடு.

ஜூலை முதல் செப்டம்பர் கடைசி வரை 19. ஆறு அழைப்பு, நான்கு இரண்டாம் சுற்று. அதில் மூன்றில் கடைசி இரண்டு பேரில் ஒருத்தியாக நின்று தோற்றேன். அதுதான் மிக மோசமாக வலித்தது. மூவருக்கும் நன்றி சொல்லி, எங்கே முன்னேறலாம் என்று மின்னஞ்சல் போட்டேன். ஒருவர் பதில் எழுதினார். இருவரும் பொருத்தம்தான், ஒருவரைத்தான் எடுக்க முடியும் என்று. மழுப்புகிறார் என்று நினைத்தேன்.

நான்காவது, அந்தக் கவுண்டர் அக்கா செப்டம்பரில் அனுப்பிய வாட்சப் செய்தியிலிருந்து வந்தது. "ஷா ஆலாம்ல ஒரு ஃபார்வர்டிங்ல ஆள் தேடறாங்க. விளம்பரம் இன்னும் போடல. அனுப்பு." மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் நியூட்டன் என்ற நகரத்தில் வேலை மாறியவர்களைக் கேட்டபோது, தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெரிந்தவரை எப்போதாவதுதான் சந்திப்பவர்கள் என்று கண்டார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததுதான். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவருக்குத்தான் வேறு சேதி தெரியும். ஐந்து மாதம் வெட்கத்தில் நான் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். பூக்கடையில் எதிர்ப்பட்டிருக்காவிட்டால் அவரிடமும் சொல்லியிருக்கமாட்டேன். புத்தகத்தில் நான் கண்டுபிடிக்காமல் போன அடைப்பு அதுதான். அனுப்பியது என்ற கோட்டுக்கு முன்னால் இன்னொரு கோடு போட்டிருக்கவேண்டும்: யாரிடம் சொன்னேன்?

அந்த நேர்காணலில் ரசீதுத் தவறு பற்றி ஒரு கேள்வி வந்தது. நான்கு வாக்கியம் சொன்னேன். 3,300 கேட்டுவிட்டு வாயை மூடினேன். 3,100 தந்தார்கள். பழைய சம்பளத்தைவிட நூறு குறைவு. எடுத்துக்கொண்டேன்.

சென்ற வருடம் எங்கள் பிரிவுக்கு ஒருவரை எடுக்கவேண்டியிருந்தது. என்னையும் உட்காரச் சொன்னார்கள். கடைசியில் இரண்டு பெண்கள். இருவரும் நன்றாகச் செய்தார்கள். முதலாளி ஒரு நிமிடம் யோசித்தார். "இந்தப் பிள்ளை திங்கக்கிழமையே வந்துரும். அவங்க ஒரு மாசம் நோட்டீஸ் குடுக்கணும்." அவ்வளவுதான். எனக்கு வந்த அந்த ஒற்றை வரிப் பதில் மழுப்பல் அல்ல என்று அப்போதுதான் நம்பினேன். முப்பது விண்ணப்பம் மௌனமாகத் திரும்பினால் அதில் பாடம் இருக்கிறது. கடைசிக் கதவில் திரும்பினால் அதில் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. வலியோ நேர் எதிராக இருக்கிறது.

வருந்துகிறோம் மின்னஞ்சலை நான்தான் அனுப்பவேண்டும். அனுப்பிவிட்டு, வழக்கமில்லாத வழக்கமாக அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். கூப்பிட்டு மறுப்பு சொல்லும் ஆளை அவர் எதிர்பார்க்கவில்லை. உங்கள் பதில்களில் குறை ஒன்றும் இல்லை, நோட்டீஸ் நாள்தான் காரணம் என்றேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு கேட்டார்.

"அப்ப நான் எதையும் மாத்த வேணாமாக்கா?"

"வேணாம்" என்றேன். "இதுக்காக எதையும் மாத்தாதீங்க."